நாலும் முப்பத்தைந்தும்

0.4, 0.35 என்னும் இரண்டு எண்களைப் பயிற்சித்தாள் ஒன்றில் அடுத்தடுத்து அச்சிட்டு, இவற்றுள் பெரியது எது என்று வினவினால், தசமக் கணக்கைப் புதிதாகக் கற்கும் மாணாக்கருள் பலர் சிறிதும் தயங்காமல் 0.35 என்பதைச் சுற்றி வட்டமிடுவர். திருத்துகிற உபாத்தியாயர் அதன் மீது சிவப்பு மையால் பெருக்கற்குறி போட்டு, ஓரத்தில் ‘கவனம் தேவை’ என்று எழுதி அடுத்த தாளுக்குப் போய்விடுவதே வழக்கம். அந்தப் பிள்ளையிடம் கவனத்துக்குக் குறைவே இல்லை என்பதும், ஒரு விதியை அது வழுவாமல் பின்பற்றியே அந்த விடைக்கு வந்தது என்பதும், அதே விதியை அடுத்த பத்துக் கணக்குகளிலும் அவ்வளவே விசுவாசத்தோடு பின்பற்றும் என்பதும் அந்த ஓரக்குறிப்பில் இடம்பெறுவதில்லை.

அந்த விதி எங்கிருந்து வந்தது என்பது வெளிப்படை. ஒன்றாம் வகுப்பு முதல் முழு எண்களோடு பழகிய கண்ணுக்கு, இலக்கம் கூடினால் மதிப்புக் கூடும் என்பது அனுபவத்தால் நிலைபெற்ற பிரமாணம். 4 என்பதைவிட 35 பெரிது, 35 என்பதைவிட 125 பெரிது, இதில் விலக்கே கிடையாது. முழு எண்களை நாம் வலப்பக்கம் ஒன்றின் ஸ்தானத்தில் ஒட்டவைத்து எழுதுகிறோமாகையால், ஓர் இலக்கம் கூடும்போதெல்லாம் அது இடப்பக்கத்தில், முன்னதைக் காட்டிலும் பதின்மடங்கு உயர்ந்த ஸ்தானத்தில் போய் உட்காருகிறது. நீளம் மதிப்பைக் காட்டும் அடையாளமாக ஆவது இந்த ஏற்பாட்டினால்தான். புள்ளிக்கு வலப்புறத்தில் ஏற்பாடு மாறிவிடுகிறது. அங்கே எண்கள் எல்லாம் இடப்பக்கத்தில், அதாவது புள்ளியில், ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. முதல் இலக்கம் எந்த எண்ணிலும் பத்தில் ஒரு பங்குகளையே எண்ணும். புதிதாகச் சேரும் இலக்கங்கள் யாவும் வலப்பக்கத்தில், மேலும் மேலும் தாழ்ந்த ஸ்தானங்களுக்கே போகும். 0.35 என்பதை ‘புள்ளி முப்பத்தைந்து’ என்று வாயால் வாசிக்கிற பழக்கம், பழைய விதியை இந்தப் புதிய இடத்துக்கும் இழுத்துவந்து விடுகிறது. ‘புள்ளி மூன்று ஐந்து’ என்று வாசிக்கும் வகுப்புகளில் இந்தப் பிழை அறவே ஒழியாவிட்டாலும், முப்பத்தைந்து என்ற முழு எண்ணின் தோற்றமாவது காதில் விழாமற்போகும்.

தென்காசிக்கு அண்மையில், நெல்லும் சூரியகாந்தியும் விளையும் சுந்தரபாண்டியபுரம் போன்ற ஊர்ப் பிள்ளைக்கு இதை விளக்கக் கரும்பலகையில் வட்டம் வரைந்து துண்டு போடவேண்டிய அவசியமே இல்லை என்பது என் அபிப்பிராயம். அந்தப் பிள்ளையின் வீட்டில் ஏக்கரும் சென்ட்டும் அன்றாடம் அடிபடும் சொற்கள். நூறு சென்ட் ஓர் ஏக்கர் என்பதை அதற்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. 0.35 ஏக்கர் என்பது முப்பத்தைந்து சென்ட். 0.4 ஏக்கர் என்பது ஓர் ஏக்கரைப் பத்தாகப் பகுத்து, பத்துப் பத்து சென்ட்டாக நாலு பங்கு எடுத்துக்கொண்டது, ஆகவே நாற்பது சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. நாற்பது சென்ட் 17,424 சதுர அடி, முப்பத்தைந்து சென்ட் 15,246 சதுர அடி. ஐந்து சென்ட், அதாவது ஒரு வீட்டுமனை, 0.4 பக்கம் கூடுதலாக இருக்கிறது. வட்டமிட்ட பிள்ளையிடமே இந்த இரண்டு வயல்களில் எது வேண்டும் என்று கேட்டுப் பார்த்தால் அது ஏமாறாது.

விடையைக் காட்டிலும் முக்கியமானது, மூன்றில் தொடங்கும் எந்தத் தசமமும் நாலில் தொடங்குவதை ஏன் விஞ்ச முடியாது என்பதே. 0.3 என்று எழுதியபின் வலப்பக்கத்தில் எத்தனை இலக்கங்களை வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம். மிகப் பெரிய இலக்கமான ஒன்பதையே சேர்ப்போம். 0.39 ஏக்கர், நாற்பது சென்ட்டுக்கு ஒரு சென்ட் குறைவு. இன்னொரு ஒன்பதைச் சேர்த்து 0.399 என்றால், குறை ஒரு சென்ட்டில் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கி, சுமார் நாற்பத்து மூன்றரைச் சதுர அடி ஆகிறது. 0.3999 என்றால், ஓர் ஆள் கால்மடக்கி உட்காரப் போதுமான இடமே குறைகிறது. ஒன்பதுகளைக் கூட்டிக்கொண்டே போகப் போகக் குறை பத்தில் ஒன்றாகச் சுருங்கிக்கொண்டே போகுமேயன்றி, அவை முடிவுள்ளனவாக இருக்கும்வரை ஒருபோதும் அற்றுப்போகாது. முடிவே இல்லாமல் ஒன்பது எழுதிக்கொண்டே போவதாகக் கற்பித்துக்கொண்டால் அந்த எண் 0.4 என்பதற்குச் சமமாகும், அதைத் தாண்டாது. ஆகவே முடிவுள்ள இரு தசமங்களை ஒப்பிடுகையில், முழுப்பகுதி சமமானால், புள்ளியிலிருந்து வலப்புறமாக ஒவ்வொரு ஸ்தானமாக நடந்து, இலக்கங்கள் முதன்முதல் வேறுபடும் இடத்தில் நின்றுவிடலாம்; அங்கே எது பெரிதோ அதுவே பெரிது, அதற்கப்பால் எவ்வளவு நீளம் கிடந்தாலும் தீர்ப்பு மாறாது. அகராதியில் சொற்களை அடுக்குவதும் இவ்வாறே அன்றோ? நீளமான சொல் பின்னே வரவேண்டும் என்று அங்கே எவரும் எதிர்பார்ப்பதில்லை.

இங்கே ஒரு சங்கடத்தையும் சொல்லியாகவேண்டும். ஏனெனில் அதே ஊரில், அதே நிலத்துக்குரிய காகிதத்தில், பிள்ளையின் ‘தவறான’ விதி சரியாகவே பலிக்கிற ஓர் இடம் உண்டு. தமிழ்நாட்டுப் பட்டா, சிட்டாக்களில் நிலப்பரப்பு ஏக்கரில் குறிக்கப்படுவதில்லை. ஹெக்டேர், ஏர் என்ற இரண்டு அளவுகளில், இடையே சிறு கோடிட்டுக் குறிக்கப்படுகிறது. நூறு சதுர மீட்டர் ஓர் ஏர்; நூறு ஏர் ஒரு ஹெக்டேர். ஒரு சிட்டாவில் 0 - 35.00 என்றிருந்தால் ஹெக்டேர் இல்லை, முப்பத்தைந்து ஏர் உண்டு என்று பொருள்; 0 - 4.00 என்றிருந்தால் ஹெக்டேர் இல்லை, நாலு ஏர் உண்டு என்று பொருள். முன்னது 3,500 சதுர மீட்டர், நம் கணக்கில் எண்பத்தாறரை சென்ட். பின்னது 400 சதுர மீட்டர், பத்து சென்ட்டுக்கும் ஒரு பிடி குறைவு. இங்கே முப்பத்தைந்து நாலைவிடப் பெரிதுதான், ஏனெனில் கோட்டுக்கு வலப்புறம் நிற்பது முழு எண்ணாக எண்ணப்பட்ட வேறோர் அளவு. ஏருக்குள் இருக்கும் புள்ளி மாத்திரமே மெய்யான தசமப் புள்ளி.

கையால் எழுதுபவர் அந்தக் கோட்டையும் புள்ளியாக்கி 0.4.00 என்று எழுதிவிடுவது அபூர்வமன்று. அதை மற்றொருவர் 0.4 ஹெக்டேர் என்று பெயர்த்தெழுதிவிட்டால், பத்து சென்ட் நிலம் காகிதத்தில் ஏறக்குறைய ஓர் ஏக்கராகப் பெருத்துவிடும். 0 - 4.00 என்பதைத் தசமமாக எழுதவேண்டுமானால் 0.04 ஹெக்டேர் என்றுதான் எழுதவேண்டும். ஏர் இரண்டு இலக்க இடத்தை அடைக்கும் அளவாதலால், நாலுக்கு முன்னே ஒரு பூச்சியம் இடத்தைக் காத்து நிற்கவேண்டும். பாடப்புத்தகமும் இந்தக் குழப்பத்துக்குத் தன் பங்கைச் செலுத்தாமல் இல்லை: ‘பயிற்சி 3.9’ முடிந்தபின் ‘பயிற்சி 3.10’ வருகிறது, ஆனால் அந்தப் பயிற்சிக்குள்ளேயோ 3.10 என்பது 3.9 என்பதைவிடச் சிறிது என்று பிள்ளை விடையெழுத வேண்டும். புள்ளி என்ற ஒரே அடையாளத்துக்கு இரண்டு தொழில் கொடுத்துவிட்டு, எந்த இடத்தில் எந்தத் தொழில் என்பதைச் சொல்லாமல் விட்டது பெரியவர்களாகிய நாம்.

இந்தச் சங்கடத்தை முதலிலேயே உணர்ந்தவர் போலத் தோன்றுகிறார் சைமன் ஸ்டெவின். நெதர்லாந்துப் பிரதேசத்தில் வாழ்ந்த இந்தக் கணித விற்பன்னர் 1585-ஆம் ஆண்டு தசமங்களைப் பற்றி ஒரு சிறு நூலை வெளியிட்டபோது, அதை நிலம் அளப்போர் முதலான தொழிலாளருக்கென்றே எழுதினார். தசமங்களை அவருக்கு நெடுங்காலம் முன்பே அரபு நாட்டுக் கணிதர் கையாண்டிருந்தனர். ஆயினும் ஐரோப்பாவில் அவை பரவ வழிவகுத்தது இந்நூலே. அவர் புள்ளி வைக்கவில்லை. ஒவ்வோர் இலக்கத்துக்கும் அருகே ஒரு சிறு வட்டத்துக்குள் அதன் ஸ்தானத்தை எழுதினார்: பத்தில் ஒன்றுகளுக்கு வட்டத்துள் 1, நூறில் ஒன்றுகளுக்கு வட்டத்துள் 2 என்று. அம்முறைப்படி நம் எண்கள் 4①, 3①5② என்று தோற்றமளிக்கும். எழுதுவதற்குத் தொல்லையான முறை, நிலைக்கவும் இல்லை. ஆனால் 4①, 3① இரண்டும் ஒரே இனம் என்பதும், 5② அவற்றுக்குத் தாழ்ந்த இனம் என்பதும் கண்ணுக்கே தெரிந்துவிடுவதால், முப்பத்தைந்து என்று வாசிக்க இடமே இல்லை. முதல் சில நாட்களுக்கு இந்த வட்டங்களைப் பிள்ளைகளின் நோட்டில் பென்சிலால் போடச் செய்வது பயனளிக்கும் என்றே எண்ணுகிறேன்.

இனி, 0.4 பெரிது என்று சரியாக விடையெழுதிய பிள்ளையைப் பார்ப்போம். அதனிடம் குறையொன்றும் இல்லை என்று முடிவுகட்டுவது அவசரம். 1980-களில் பிரான்சில் சாக்கூர்-கிரிஸ்வார், லெயோனார் என்ற இருவரும், பின்னர் 1989-இல் மூன்று நாடுகளின் மாணவரை ஆராய்ந்த லாரன் ரெஸ்னிக் முதலானோரும், அதன்பின் மெல்போர்னில் கே ஸ்டேசியும் விக்கி ஸ்டைன்லும் கண்டறிந்தது இதுதான்: தசமங்களை ஒப்பிடுவதில் பிள்ளைகள் செய்யும் பிழைகள் தாறுமாறாகச் சிதறியவை அல்ல, அவை சில விதிகளிலிருந்து பிறப்பவை, அவ்விதிகளுள் சில, குறிப்பிட்ட கணக்குகளுக்குச் சரியான விடையையே தரும். நீளமானதே பெரிது என்பது ஒன்று. அதற்கு எதிராக, குட்டையானதே பெரிது என்று கருதுவோரும் உண்டு. அவர்களுள்ளும் இரு சாரார். ஒரு சாரார், நூறில் ஒரு பங்கு பத்தில் ஒரு பங்கைவிடச் சிறியது என்ற மெய்யான பாடத்தை அளவுக்கு மீறி நம்பி, நூறில் ஒன்றுகள் வரை நீண்ட எந்த எண்ணும் பத்தில் ஒன்றோடு நின்ற எண்ணைவிடச் சிறிது என்பர். எத்தனை பங்குகள் என்பதை அவர்கள் பார்ப்பதில்லை. மற்றொரு சாரார் 0.4 என்பதை நாலில் ஒன்று போலவும், 0.35 என்பதை முப்பத்தைந்தில் ஒன்று போலவும் கருதுவர். இவர்களுக்குப் புள்ளிக்குப் பின் வரும் எண் பெரிதாக ஆக மதிப்புச் சிறுக்கும். இவ்விரு சாராரும் நம் முதற் கேள்விக்கு 0.4 என்றே வட்டமிடுவர். நீளமானது பெரிது என்ற எண்ணம் கீழ்வகுப்புகளில் மிகுதியாகக் காணப்பட்டு வயது ஏற ஏறக் குறைந்துவிட, குட்டையானது பெரிது என்ற எண்ணம் மேல்வகுப்பு வரையில் சிலரிடம் தங்கிவிடுகிறது என்பதும் மெல்போர்ன் ஆராய்ச்சியில் வெளிப்பட்டது. சரியான விடைக்குப் பின்னே ஒளிந்திருக்கும் பிழையை யாரும் தேடிப் பிடிப்பதில்லையாகையால், அது தங்குவதில் வியப்பில்லை.

ஆகவே பயிற்சித்தாள் ஒன்றைத் தயாரிப்பவர் எண்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறார் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. ‘0.2, 0.35, 0.475 ஆகியவற்றை ஏறுவரிசையில் எழுதுக’ என்று ஒரு கணக்கு இருப்பதாகக் கொள்வோம். நீளமே பெரிது என்று நம்பும் பிள்ளை 2, 35, 475 என்று எண்ணி, அதே வரிசையில் எழுதி முழு மதிப்பெண் வாங்கிக்கொண்டு போய்விடும். 0.25, 0.31, 0.47 என்று எல்லாம் ஒரே நீளத்தில் இருந்தாலும் அப்படியே. ரூபாயும் காசுமாகக் கணக்குக் கொடுப்பதிலும் இந்த ஆபத்து உண்டு. 1957 ஏப்ரல் 1 முதல் நூறு காசு ஒரு ரூபாய் என்றான பின், விலைகளைப் புள்ளிக்குப் பின் எப்போதும் இரண்டே இலக்கங்களில் எழுதிப் பழகிவிட்டோமாகையால், நீளம் வேறுபடும் தசமத்தைக் கடைத்தெருவில் பிள்ளை காண்பதே இல்லை. மூன்றாம் இலக்கம் வந்தால் அதை இல்லாததாகவே கருதிவிடுவோரும் இருக்கிறார்கள்.

இப்போது வேறொரு வரிசையை எடுத்துக்கொள்வோம்: 0.4, 0.35, 0.125, 0.08. இந்த நாலு எண்களையும் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கச் சொன்னால், ஸ்தானம் உணர்ந்த பிள்ளை 0.08, 0.125, 0.35, 0.4 என்று எழுதும். புள்ளியை மறந்து முழு எண்ணாகவே வாசிக்கும் பிள்ளைக்கு அவை 4, 35, 125, 8, ஆகவே 0.4, 0.08, 0.35, 0.125 என்று எழுதும். அதே வழியில் சென்றாலும், புள்ளியை அடுத்துப் பூச்சியம் வந்தால் எண் மிகச் சிறிதாகிவிடும் என்பதை மட்டும் எங்கோ கேட்டு வைத்திருக்கிற பிள்ளை, 0.08-ஐ முன்னே தள்ளி 0.08, 0.4, 0.35, 0.125 என்று எழுதும். நீண்டது சிறிது என்று கொள்பவர், ஆயிரத்தில் ஒன்றுகள் முதலில், நூறில் ஒன்றுகள் அடுத்து என்று 0.125, 0.08, 0.35, 0.4 எனவும், நாலில் ஒன்று, எட்டில் ஒன்று என்று பின்னமாக்கிக்கொள்பவர் 0.125, 0.35, 0.08, 0.4 எனவும் எழுதுவர். ஒரே கேள்விக்கு ஐந்து விதமான மனப்போக்குகள் ஐந்து வெவ்வேறு வரிசைகளாக வெளிப்படுகின்றன. உபாத்தியாயர் பெருக்கற்குறி போடுவதற்கு முன் வரிசையை ஒருமுறை வாசித்தால், பிள்ளையின் தலைக்குள் எந்த விதி ஓடுகிறது என்பதை ஏறத்தாழ அறிந்துகொள்ளலாம். ஏறத்தாழ என்று சொல்வது, கண்மூடித்தனமாக எழுதிய வரிசை ஒன்று தற்செயலாக இவ்வைந்தில் ஒன்றாக அமைந்துவிடவும் கூடுமாகையால். இதே அமைப்பில் இன்னொரு நாலு எண்கள், உதாரணமாக 0.6, 0.52, 0.317, 0.09 என்று கொடுத்து, அதே போக்கு மறுபடியும் தோன்றுகிறதா என்று பார்த்தால் சந்தேகம் தீரும்.

கடைசிச் சாராரைப் பிரித்தறிய ஒரு சிறு கேள்வியே போதும். 0.3, 0.4 இவற்றுள் எது பெரிது என்று கேட்டால், மற்ற எல்லாரும் 0.4 என்பர், பின்னமாக்கிக்கொள்பவர் மட்டும், மூன்றில் ஒன்று நாலில் ஒன்றைவிடப் பெரிதாகையால், 0.3 என்பார். இவ்வளவு எளிய கேள்வியை மேல்வகுப்புத் தாளில் சேர்ப்பது மாணாக்கரை அவமதிப்பதாகும் என்று சிலர் கருதுவதுண்டு. நோயறியும் கேள்விக்குக் கௌரவம் பார்ப்பது வைத்தியனுக்குத் தகாது.

போக்கு இன்னதென்று தெரிந்தபின் பரிகாரம் ஆளுக்கொரு விதமாக அமையவேண்டும். முழு எண்ணாக வாசிப்பவருக்கு ஏக்கரும் சென்ட்டும் உதவும். நீண்டது சிறிது என்பவரிடம் சென்ட் கணக்கைச் சொன்னால், 0.4 பெரிது என்ற அவருடைய விடையே உறுதிப்பட்டதாக அவர் மகிழ்ந்துபோவார். அவருக்கு வேண்டியது 0.3, 0.47 என்பது போன்ற ஜோடி. 0.47 ஏக்கரில் முதலில் நாலு பத்து சென்ட் அடங்கியிருக்கிறது, பிறகுதான் ஏழு சென்ட் சேர்கிறது. சிறு பங்குகள் சேர்ந்ததனால் முன்பிருந்த பெரிய பங்குகள் எங்கும் போய்விடவில்லை என்பதை வயலைக் கட்டம் போட்டு வரைந்தே அவர் காணவேண்டும்.

எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லித்தரப்படும் யுக்தி ஒன்று உண்டு: வலப்பக்கம் பூச்சியம் சேர்த்து நீளத்தைச் சமமாக்கிவிடு, பின் முழு எண் போல ஒப்பிடு. 0.4 என்பது 0.40 ஆகிறது; நாற்பது முப்பத்தைந்தைவிடப் பெரிது; விடை சரி. இதில் பிழை எதுவும் இல்லை, பத்தில் நாலும் நூறில் நாற்பதும் ஒன்றே. ஆனால் ஏன் வலப்பக்கத்தில் சேர்க்கும் பூச்சியம் மதிப்பை மாற்றுவதில்லை, ஏன் புள்ளிக்கும் நாலுக்கும் நடுவே சேர்க்கும் பூச்சியம் அதைப் பத்தில் ஒன்றாக்கிவிடுகிறது என்பதை அறியாமலே ஒரு பிள்ளை இந்த யுக்தியைக் கொண்டு தாள் முழுவதையும் சரியாக முடித்துவிட முடியும். அத்தகைய பிள்ளையிடம் 0.35-க்கும் 0.36-க்கும் இடையே ஓர் எண் சொல் என்றால், முப்பத்தைந்துக்கும் முப்பத்தாறுக்கும் இடையே எண் ஏது என்று திகைத்து நிற்கும். ஸ்தானத்தை உணர்ந்த பிள்ளையோ, 0.351 என்று தொடங்கி, 0.3501, 0.35001 என்று, நிறுத்தச் சொல்லும்வரை எழுதிக்கொண்டே போகும்.